வாஷ்பேசின் நாற்றம்: சின்ன ஓட்டைக்குப் பின்னால் இருக்கும் மறைவழி

காலையில் பல் துலக்கக் குழாயைத் திறந்ததும் குப்பென்று ஒரு நாற்றம் முகத்தில் அடிக்கிறது. சிலருக்கு அது அழுகிய முட்டை வாடை, சிலருக்கு நாள்பட்ட ஈரத்துணி வாடை. குழாயை மூடினால் சற்று நேரத்தில் அடங்கிவிடுகிறது, திறந்தால் திரும்பவும் வருகிறது. பேசினைத் தேய்த்துக் கழுவியாயிற்று, வடிகாலில் ஆசிட் ஊற்றியாயிற்று, கீழே இருக்கும் பாட்டில் ட்ராப்பைக்கூடக் கழற்றி அலசியாயிற்று. அப்படியும் போகவில்லை என்றால், யாரும் கை வைக்காத ஓர் இடம் பாக்கி இருக்கிறது. பேசினின் உட்சுவரில், விளிம்புக்குச் சற்றுக் கீழே தெரியும் அந்தச் சின்ன ஓட்டைதான் அது.

ஓட்டைக்கு உள்ளே என்ன இருக்கிறது?

பிளம்பர்கள் அதை ஓவர்ஃப்ளோ ஓட்டை என்பார்கள். வடிகாலை அடைத்துவிட்டுக் குழாயை மூட மறந்துபோனால், தண்ணீர் விளிம்பைத் தாண்டித் தரையில் கொட்டாமல் இந்த ஓட்டை வழியே இறங்கிவிடும். எங்கே இறங்குகிறது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பீங்கான் பேசின் அந்த இடத்தில் மட்டும் இரட்டைச் சுவராக இருக்கும். இரண்டு சுவர்களுக்கும் நடுவே உள்ள வெற்றிடம், பேசினின் உடம்புக்குள்ளேயே வளைந்து இறங்கி, அடியில் வடிகால் துவாரத்தைச் சுற்றிப் போய் முடியும்.

அந்தத் துவாரத்தில் பொருத்தியிருக்கும் உலோகக் குழாய்தான் வேஸ்ட் கப்ளிங். அதன் பக்கச் சுவரில், மேல் வளையத்துக்குக் கொஞ்சம் கீழே, சன்னல் மாதிரி வெட்டுத் துளைகள் இருக்கும். மறைவழியில் இறங்கி வரும் தண்ணீர் இந்தத் துளைகள் வழியாகத்தான் கப்ளிங்குக்குள் நுழைந்து, வடிகால் தண்ணீரோடு சேர்ந்து பாட்டில் ட்ராப்புக்குப் போகிறது.

நாற்றத்தின் விஷயம் முழுக்க இந்தச் சந்திப்பில்தான் அடங்கியிருக்கிறது. பாட்டில் ட்ராப்பில் எப்போதும் சில சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறாதபடி தடுப்பது அந்தத் தண்ணீர்தான். ஆனால் ஓவர்ஃப்ளோ வழி வந்து சேர்வது ட்ராப்புக்கு மேலே. அங்கே எது அழுகினாலும் அதன் வாடை நம் பக்கம்தான் வரும், ட்ராப் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி. வடிகாலில் என்ன மருந்து ஊற்றினாலும் அது கப்ளிங்கின் நடுவே நேராகக் கீழே ஓடிவிடும், பக்கத்துத் துளை வழியாக மேலே ஏறி அந்த வழியைக் கழுவப் போவதில்லை. எத்தனை முறை ஊற்றியும் பலன் இல்லாமல் போவது இதனால்தான்.

குழாயைத் திறந்தால் மட்டும் வாடை வருவதற்கும் இதே அமைப்புதான் காரணம். தண்ணீர் வேகமாக உள்ளே இறங்கும்போது கப்ளிங்கில் இருந்த காற்று வெளியேற வழி தேடும். பக்கத்துத் துளைகள் வழியே நுழைந்து, மறைவழியில் ஏறி, ஓவர்ஃப்ளோ ஓட்டையால் வெளியே வரும். அந்த ஓட்டையோ, குனிந்து முகம் கழுவுபவரின் மூக்குக்கு மிக அருகில் இருக்கிறது.

அங்கே அழுகுவது என்ன?

மறைவழியில் நல்ல தண்ணீர் ஓடுவது அபூர்வம். பேசினை நிரம்பி வழியவிடுபவர்கள் எத்தனை பேர்? ஆனால் அழுக்கு மட்டும் தினமும் போய்ச் சேர்கிறது. பற்பசை நுரை, சோப்பு, ஷேவிங் க்ரீம், முகத்தில் வழியும் தேங்காய் எண்ணெய், எச்சில், தலைமுடி எல்லாம் கப்ளிங் வழியே போகும்போது நுரையும் சிதறலும் பக்கத்துத் துளைகளுக்குள் தெறிக்கின்றன. வடிகால் மெதுவாக இறங்கும் பேசினாக இருந்தால் அழுக்குத் தண்ணீரே துளைகளின் உயரத்துக்கு ஏறி, மறைவழிக்குள் கொஞ்சம் புகுந்து திரும்புகிறது. வெளிச்சம் இல்லை, ஈரம் காய்வதில்லை, தேய்ப்பாரும் இல்லை. இது போதும், கிருமிகள் கூட்டமாகப் படிந்து வழவழப்பான ஒரு படலமாக வளர்ந்துவிடும்.

படலம் தடிக்கத் தடிக்க அதன் அடிப்பகுதிக்குக் காற்றுப் போவது நின்றுவிடும். காற்றில்லாத அந்த அடியில் வாழும் கிருமிகள் வெளியிடும் வாயுக்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஒன்று. அழுகிய முட்டை வாடை அதனுடையதுதான்.

இந்தப் படலம் ஓர் இடத்தில் நிற்பதில்லை, ஏறி வரக்கூடியது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் இதை நேரடியாகக் காட்டினார்கள். ஒளிரும்படி மாற்றிய ஈ.கோலை கிருமியைக் கை கழுவும் பேசின்களின் ட்ராப்பில் விட்டு, அதற்கு உணவாகும் சத்துக்கரைசலையும் ஊற்றி வந்தார்கள். கிருமிப் படலம் குழாயின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு நாளொன்றுக்குச் சுமார் 2.5 செ.மீ. மேலேறியது, ஒரு வாரத்தில் வடிகால் சல்லடையை எட்டியது. நம் வீட்டில் அந்தச் சத்துக்கரைசலின் இடத்தில் இருப்பவை எச்சிலும் எண்ணெயும் மீந்த காபியும். சாப்பாட்டறைப் பேசினாக இருந்தால் ரசமும் மோரும் கூடச் சேரும். மேலே இரண்டு அங்குலம் மட்டும் சுரண்டிவிட்டு அடியைத் தொடாமல் விட்டால் சில நாளில் வாடை திரும்புவது ஏன் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

மருத்துவமனைகளில் இதைப் பெரிய ஆபத்தாகவே பார்க்கிறார்கள். பிரிட்டனின் மருத்துவமனைக் கட்டட வழிகாட்டுதல்கள், சிகிச்சை தரும் இடங்களில் கை கழுவும் பேசினுக்கு ஓவர்ஃப்ளோ ஓட்டையே இருக்கக் கூடாது என்கின்றன. சுத்தம் செய்ய முடியாத ஒரு வழியை நோயாளிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே காரணம். வீட்டில் அவ்வளவு பயப்படத் தேவையில்லை, ஆனால் அந்த வழியைக் கழுவாமல் விடவும் கூடாது.

இந்த ஓட்டைதானா? முதலில் உறுதி செய்யுங்கள்

பேசின் பக்கம் வரும் எல்லா நாற்றமும் ஓவர்ஃப்ளோவிலிருந்து வருவதல்ல. ஊருக்குப் போய்ப் பல நாள் கழித்துத் திரும்பும்போது நாறினால், ட்ராப்பில் இருந்த தண்ணீர் வற்றியிருக்கலாம். ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் அடங்கிவிடும். பாட்டில் ட்ராப்பே இல்லாமல், வளையும் வெள்ளை வேஸ்ட் பைப்பை நேராகச் சுவர்த் துளையிலோ தரை வடிகாலிலோ செருகியிருந்தால், நாள் முழுக்கச் சாக்கடை வாடை இருந்துகொண்டே இருக்கும், கரப்பான் பூச்சியும் ஏறி வரும். இதற்கு மருந்து ட்ராப் மாட்டுவதுதான், எந்தக் கழுவலும் உதவாது.

ஓவர்ஃப்ளோவைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஓட்டைக்குள் விட்டு உட்சுவரில் ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ கூழ் ஒட்டிக்கொண்டு வந்து, முகர்ந்தால் அதே வாடை அடித்தால் இடம் இதுதான். சந்தேகம் இருந்தால் இரவு படுக்கப் போகும்முன் ஓட்டையைச் சுற்றித் துடைத்துவிட்டு, அகலமான டேப்பை இறுக்கமாக ஒட்டிவிடுங்கள். காலையில் டேப்போடு குழாயைத் திறந்து பாருங்கள், பிறகு டேப்பை எடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள். எடுத்த பிறகுதான் நாற்றம் என்றால் இனி யோசிக்க வேண்டியதில்லை. டேப்பை அப்படியே விட்டுவிடாதீர்கள், பேசின் நிரம்பினால் தண்ணீர் போக வழி இருக்காது.

பேசினைச் சுற்றியுள்ள சுவரில் சின்னச் சின்னதாக, இதய வடிவ இறக்கையோடு, ரோமம் அடர்ந்த ஈக்கள் உட்கார்ந்திருந்தால் அதுவும் ஓர் அடையாளம். அவற்றின் புழுக்கள் இந்தக் கூழில்தான் வளர்கின்றன. பூச்சி மருந்து அடித்தால் சுவரில் இருப்பவை சாகும், கூழ் இருக்கும்வரை புதியவை வந்துகொண்டேதான் இருக்கும்.

ஒரு மக் தண்ணீர்ச் சோதனை

கழுவத் தொடங்கும்முன் மறைவழியின் அடிவாய் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஓட்டையில் ஒரு சின்னப் புனலையோ, கூர்மூக்குள்ள சாஸ் பாட்டிலையோ வைத்து, ஒரு மக் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுங்கள். வழி சரியாக இருந்தால் தண்ணீர் தடையில்லாமல் இறங்கி, கப்ளிங்குக்குள் சலசலவென்று விழும் சத்தம் கேட்கும். பாதி மக் போவதற்குள் ஓட்டை வழியாகவே திரும்பி வழிந்தால் அடியில் அடைப்பு.

சென்னைப் புறநகரில் நண்பர் ஒருவர் வீட்டில் நடந்தது இதுதான். பேசின் மாட்டி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவர் மனைவி ஓட்டைக்குள் பிரஷ் விட்டுத் தேய்ப்பார், வெந்நீர் ஊற்றுவார், இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் திரும்பவும் நாறும். மக் சோதனை செய்து பார்த்தபோது தண்ணீர் இறங்கவே இல்லை, ஓட்டையிலிருந்து கறுப்புத் துணுக்குகளோடு திரும்பி வந்தது. பாப்அப் மூடியைக் கழற்றி, கைபேசி விளக்கை அடித்துக் கப்ளிங்குக்குள் பார்த்தார்கள். பக்கச் சுவர் வழவழவென்று இருந்தது. துளையையே காணோம்.

பிளம்பர் வந்து பாட்டில் ட்ராப்பைக் கழற்றி, பேசினுக்கு அடியில் உள்ள நட்டைத் தளர்த்தி, கப்ளிங்கை மேலே தூக்கினார். அதைச் சுற்றி, பேசின் துவாரத்தின் உட்புறம் முழுக்கக் கரிய களிம்பு அப்பியிருந்தது. அதோடு வந்த நாற்றத்தில் எல்லோரும் ஒரு அடி பின்வாங்கினார்கள்.

"இது ஓவர்ஃப்ளோ இல்லாத பேசினுக்குப் போடற கப்ளிங் சார். இதுல ஓட்டையே கிடையாது. மேல ஊத்தற தண்ணி கீழ வந்து போக வழி இல்லாம சுத்தி நின்னுக்கிட்டே இருக்கு. நீங்க எவ்ளோ கழுவினாலும் அழுக்குத் தண்ணி உள்ளதான் நிக்கும்" என்றார்.

அப்போது அடிவாய் முழுசாகத் திறந்து கிடந்ததால், பிரஷ்ஷைக் கீழிருந்து மேலாக விட்டு மறைவழியை வழித்தெடுத்தார்கள். பிறகு பக்கத் துளையுள்ள 32 மி.மீ. கப்ளிங் வாங்கி, புது ரப்பர் வாஷரோடு மாட்டினார்கள். பிளம்பர் ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தார். மேல் வளையத்துக்கு அடியில் மட்டும் மெல்லிசாக சிலிக்கான் தடவினார், அது பிதுங்கி இறங்கித் துளைகளை மூடிவிடாமல் பார்த்துக்கொண்டார். சரியான கப்ளிங்கே போட்டிருந்தும் சிலிக்கானோ வெள்ளை சிமெண்டோ துளையை அடைத்துக்கொண்ட வீடுகளும் உண்டு. மாட்டி முடித்ததும் ஒரு மக் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், முழுதும் இறங்கியது. அந்த வீட்டில் அதற்குப் பிறகு நாற்றம் இல்லை.

கழுவும் முறை

துளைகள் திறந்திருந்தால் பிளம்பர் தேவையில்லை, ஒரு மணி நேரத்தில் நீங்களே முடித்துவிடலாம். தண்ணீர் பாட்டில் ஸ்ட்ராவைக் கழுவ விற்கும் மெல்லிய, வளையும் பிரஷ், பழைய டூத் பிரஷ், பாத்திரம் கழுவும் திரவம், ரப்பர் கையுறை, கூர்மூக்கு பாட்டில் ஆகியவை போதும்.

முதலில் அடிவாய். பாப்அப் மூடியாக இருந்தால் திருகி வெளியே எடுத்துவிடுங்கள். விளக்கடித்தால் கப்ளிங்கின் பக்கத் துளைகள் தெரியும். பெரும்பாலும் அவற்றில் முடி சிக்கி, அதன்மேல் கூழ் படிந்து பாதி மூடியிருக்கும். ஒரு கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து முடியை இழுத்தெடுங்கள். டூத் பிரஷ்ஷால் துளைகளைச் சுற்றித் தேயுங்கள். சல்லடை நிலையாகப் பொருத்திய பழைய வகைக் கப்ளிங்காக இருந்தால் சல்லடை இடுக்கு வழியே மெல்லிய பிரஷ்ஷைச் சாய்த்து விட வேண்டும்.

அடுத்தது மேல்வாய். பாத்திரத் திரவம் இரண்டு ஸ்பூனை அரை லிட்டர் வெந்நீரில் கலந்து, பாட்டிலில் எடுத்து ஓட்டைக்குள் பீய்ச்சுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். கொதிக்கும் நீர் குளிர்ந்த பீங்கானில் விரிசல் விழ வைக்கலாம், அடியில் உள்ள பிளாஸ்டிக் பைப்பும் அதைத் தாங்காது. ஐந்து நிமிடம் ஊறவிட்டு, வளையும் பிரஷ்ஷை உள்ளே விட்டுச் சுழற்றிச் சுழற்றி இழுங்கள். நேராக இறங்காமல் முட்டினால் அங்கே வழி வளைகிறது என்று பொருள், அழுத்தாமல் கொஞ்சம் திருப்பி விட்டால் போகும். ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் பிரஷ்ஷைக் கழுவிவிட்டு மறுபடி விடுங்கள். பிரஷ் சுத்தமாக வரும்வரை, பீய்ச்சும் தண்ணீர் கப்ளிங்கில் தெளிவாக விழும்வரை இதைத் தொடர வேண்டும். வேலையில் முக்கால்வாசி இதுதான். இதைச் செய்யாமல் மேலே எந்தக் கிருமிநாசினி ஊற்றினாலும் அது படலத்தின் மேல்தோலோடு நின்றுவிடும்.

தேய்த்த பிறகு மிச்சக் கிருமிகளுக்காக திரவ ப்ளீச். கடைகளில் கிடைக்கும் 4-5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 50 மில்லியை 450 மில்லி பச்சைத் தண்ணீரில் கலந்தால் போதும், வெந்நீர் கூடாது. ஆனால் ஊற்றியது உடனே இறங்கிப் போய்விடுமே? பாப்அப் மூடியைக் கழற்றிய கப்ளிங்காக இருந்தால் ஒரு துணியை உருட்டி, நீளமான கயிறு கட்டி, பக்கத் துளைகளுக்குக் கீழே வரை அழுத்தி அடைத்துவிடுங்கள். இப்போது ஓட்டை வழியே மெதுவாக ஊற்றினால் கரைசல் மறைவழிக்குள் நிற்கும், பேசினின் அடியிலும் கொஞ்சம் ஏறித் தெரியும். பத்து நிமிடம் கழித்துக் கயிற்றை இழுத்துத் துணியை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று மக் தண்ணீரால் அலசுங்கள். கப்ளிங்கின் குரோம் பூச்சு கெட்டுவிடும் என்பதால் கால் மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். துணி அடைக்க முடியாத சல்லடைக் கப்ளிங்கில், அதே கரைசலை இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருந்தால் உட்சுவர் ஈரமாகவே இருக்கும்.

எதை ஊற்றக் கூடாது?

ப்ளீச் ஊற்றும் நாளில் அமிலம் எதுவும் பேசின் பக்கம் வரக் கூடாது. கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, வினிகரும் அமிலம்தான். ப்ளீச்சோடு இவை கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் குளியலறையில் கண்ணும் மூச்சுக்குழாயும் எரிந்துபோக அது போதும். முந்தைய நாள் ஆசிட் ஊற்றியிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டு அலசிய பிறகே ப்ளீச்சை எடுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் ஓடட்டும்.

பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றலாமா என்று கேட்பார்கள். கிருமியைக் கொல்லும், ஆனால் அதிலுள்ள சுண்ணாம்பு கரையாமல் வண்டலாக மறைவழியின் அடியில் தங்கிவிடும். நாளடைவில் அதுவே அடைப்பாகும்.

சமையல் சோடாவும் வினிகரும் சேர்த்து ஊற்றும் முறையைப் பலர் பின்பற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் வலுவை மற்றது எடுத்துவிடும். பொங்கும் நுரை லேசான அழுக்கைக் கொஞ்சம் கிளப்பும், அதற்குமேல் மிஞ்சுவது உப்புக் கரைந்த தண்ணீர். பல மாதப் படலத்தை அது அசைக்காது. வினிகருக்கு வேறொரு பயன் உண்டு. உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் மறைவழிக்குள் வெள்ளைச் சொரசொரப்பாகச் சுண்ணாம்புப் படிவு ஏறும், கூழ் அதைப் பிடித்துக்கொண்டு சீக்கிரம் வளரும். ப்ளீச் வேலை முடிந்து நன்றாக அலசி, வேறொரு நாளில் வெதுவெதுப்பான வினிகரை மட்டும் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் அது கரையும்.

திரும்ப வராமல் இருக்க

வாரம் ஒரு முறை ஒரு மக் வெந்நீரை ஓட்டைக்குள் ஊற்றினாலே படலம் தடிக்க நேரம் கிடைக்காது. புனல் தேடச் சோம்பலாக இருந்தால், வடிகாலை அடைத்துவிட்டு, பேசினில் சில சொட்டுப் பாத்திரத் திரவம் விட்டு, தண்ணீர் ஓட்டை வரை ஏறி அரை நிமிடம் அதன் வழியே ஓடட்டும். அதே சமயத்தில் ஓவர்ஃப்ளோ உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துபோகும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரஷ் விட்டுத் தேய்த்தால் ப்ளீச்சே தேவைப்படாது. மீந்த காபியையும் பாலையும் பேசினில் கொட்டும் பழக்கத்தை நிறுத்தினால் இன்னும் நல்லது.

இத்தனையும் செய்து, மக் சோதனையிலும் தண்ணீர் ஒழுங்காக இறங்கி, பஞ்சுக் குச்சியும் சுத்தமாக வந்து, அப்படியும் நாறினால் இந்த ஓட்டையை விட்டுவிடுங்கள். அடுத்துப் பார்க்க வேண்டியது ட்ராப்பையும், வேஸ்ட் பைப் சுவருக்குள் நுழையும் மூட்டையும்தான். அங்கே இடைவெளி தெரிந்தால் ரப்பர் காலர் போட்டு மூடச் சொல்லுங்கள். புதுப் பேசின் மாட்டப் போகிறீர்கள் என்றால், கப்ளிங்கைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் பக்கத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டி முடித்ததும் பிளம்பர் கிளம்பும்முன் ஓட்டைக்குள் ஒரு மக் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். அது முழுதும் இறங்கிய பிறகு கூலியைக் கொடுங்கள்.